ஜெர்மன் கிளப் போர்டுல ஒட்டியிருக்கிற மேட்ச் லிஸ்ட்டைத் தமிழ்ல மாத்துறது

கேள்வி: "ஜெர்மனில இருக்கோம், பையன் இங்க லோக்கல் ஃபுட்பால் கிளப்ல D2 டீம்ல ஆடுறான். கிளப் போர்டுல இருந்த மேட்ச் லிஸ்ட்டையும் பாயிண்ட்ஸ் டேபிளையும் போட்டோ எடுத்து ஆப்ல போட்டா 'அதனால் 6.4'ன்னு எல்லாம் வருது. ஊர்ல தாத்தாவுக்குத் தமிழ்ல அனுப்பணும், நேரம் இந்திய நேரத்துல வேணும். எப்படி ஒழுங்கா மாத்துறது?"

அந்த "அதனால்" எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா மத்த தப்பு எல்லாமும் அதே வழியிலதான் வருது. ஜெர்மன்ல ஞாயித்துக்கிழமை ஸொன்டாக், அதை லிஸ்ட்ல So ன்னு ரெண்டே எழுத்துல எழுதுவாங்க. ஆப் அதை இங்கிலீஷ் வார்த்தைன்னு எடுத்துக்கிட்டு "அதனால்"னு போட்டுடுது. வியாழக்கிழமை Do, அது "செய்"னு வரும். ஒரு மேட்ச் லிஸ்ட்ல வாக்கியமே கிடையாதுங்க, எல்லாமே சுருக்கம், சுத்தி வேற வார்த்தை இல்லாததால இது எந்த மொழின்னு கண்டுபிடிக்க ஆப்புக்குப் பிடிமானமே இல்ல. அதனால போட்டோவை நேரா தமிழுக்குத் தள்ளாதீங்க. முதல்ல என்ன எழுதியிருக்கோ அதை எழுத்துக்கு எழுத்து ஒரு பேப்பர்ல இறக்குங்க, ரெண்டாவது சுருக்கத்தை முழு ஜெர்மன் வார்த்தையா விரிங்க, மூணாவதாத்தான் தமிழ். நான் பதினாறு வருஷமா இங்க ஜெர்மன்-தமிழ் மொழிபெயர்ப்பு பண்றேன், அஞ்சு சீசனா பசங்க டீம் ஒண்ணுக்கு இந்த லிஸ்ட் வேலையும் பாக்குறேன், நடுவுல இருக்கிற அந்த ரெண்டாவது படியைத் தாண்டுறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

2025ல எங்க போர்டுல இருந்து எடுத்த ஒரு போட்டோ எங்கிட்ட இருக்கு. கிளப் பேரை மட்டும் வெட்டிட்டு மூணு வரியைக் கீழ போடறேன், உங்க லிஸ்ட்டும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும்.

```
Sa 29.3.  10:30  H  TSV II  Tr. 9:45
So  6.4.  11:00  A  JSG     Tr. 10:00  verl. auf Do 10.4. 18:00
Sa 12.4.  spielfrei
```

முதல் வரி. Sa சனிக்கிழமை, 29.3. மார்ச் 29. H ங்கிறது ஹைம், நம்ம மைதானத்துல ஆட்டம். A ன்னா அவுஸ்வேர்ட்ஸ், அவங்க ஊருக்குப் போகணும். இங்கிலீஷ்லயும் எழுத்து அதேதான்ங்கிறதால இதுல யாரும் தடுமாற மாட்டாங்க. அடுத்து TSV II. இதுல TSV ங்கிறது உடற்பயிற்சி-விளையாட்டுச் சங்கம்ங்கிற மாதிரி ஒரு பொதுப்பேரு, ஜெர்மனி முழுக்க அந்தப் பேர்ல ஏகப்பட்ட கிளப் இருக்கு, அதுக்குப் பின்னாடி வர்ற ஊர்ப்பேருதான் அடையாளம். SV, VfL, TuS எல்லாம் அதே கதைதான். இதையெல்லாம் தமிழ்ப்படுத்தாதீங்க, "டிஎஸ்வி"ன்னு ஒலியை எழுதிட்டு ஊர்ப்பேரைப் போடுங்க. II ங்கிறது அந்த கிளப்போட ரெண்டாவது டீம், அதை விட்டுட்டா வேற டீமோட ஆடுறதா அர்த்தம் ஆயிடும். JSG ன்னா பசங்க பத்தாம ரெண்டு மூணு கிளப் சேர்ந்து போடுற கூட்டு டீம்.

தாத்தாவுக்கு அனுப்பும்போது D2ங்கிறதையும் ஒரு வரி விளக்கிடுங்க. "டி கிரேடு, ரெண்டாம் தரம்"னு நினைச்சு ஒரு பெரியவர் வருத்தப்பட்டதை நான் பாத்திருக்கேன். D ங்கிறது தரமே இல்ல, வயசு. இங்க D-யூகன்ட்ன்னா 13 வயசுக்கு உட்பட்டவங்க, C 15க்கு உட்பட்டவங்க, E 11க்கு உட்பட்டவங்க, இப்படி எழுத்து பின்னாடி போகப் போக பசங்க சின்னவங்க. 2ங்கிறது உங்க கிளப்ல அந்த வயசுல ரெண்டாவது டீம்.

இப்ப நேரம். ஒரு வரியில ரெண்டு நேரம் இருக்கு பாருங்க, 10:30 ஆன்ஷ்டோஸ், அதாவது ஆட்டம் தொடங்குற நேரம், Tr. 9:45ங்கிறது ட்ரெஃப்புங்க்ட், பசங்க வந்து சேர வேண்டிய நேரம். Tr. ன்னா ட்ரெய்னிங்னும் சுருக்குவாங்க, ட்ரிக்கோ, அதாவது ஜெர்சின்னும் சுருக்குவாங்க, ஆனா பக்கத்துல ஆட்டத்துக்கு முக்கால் மணி, ஒரு மணி முன்னாடி நேரம் இருந்தா அது வந்து சேர்ற நேரம்தான். இந்த ரெண்டு நேரத்தையும் ஒரே கட்டத்துல போட்டு நான் ஒரு தடவை ஒரு குடும்பத்துக்கு மாத்திக் கொடுத்தேன், அவங்க ஆட்டம் தொடங்குற நேரத்துக்குப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க, வார்ம்-அப் முடிஞ்சு டீம் லிஸ்ட்டும் எழுதியாச்சு, அந்தப் பையன் முதல் பாதி முழுக்க வெளிய உக்காந்திருந்தான். அன்னிலேர்ந்து ரெண்டுக்கும் தனித்தனி கட்டம்தான் போடறேன், "வரணும்", "ஆட்டம்"னு. தாத்தாவுக்கு ஆட்டம் மட்டும் போதும்.

இந்திய நேரத்துல ஒரு விஷயம் இருக்கு, உதாரணத்துக்கு இந்த மூணு வரியை எடுத்ததே அதுக்காகத்தான். குளிர்கால நேரத்துல இந்தியா நமக்கு நாலரை மணி நேரம் முன்னாடி, கோடை நேரத்துல மூணரை மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறும், அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பும். 2025ல அந்த மார்ச் ஞாயிறு 30ஆம் தேதி. அதனால முதல் வரியில இருக்கிற 29ஆம் தேதி 10:30 இந்தியாவுல பிற்பகல் 3 மணி, ஆனா ஒரு வாரம் தள்ளி 6ஆம் தேதி 11:00 ங்கிறது பிற்பகல் 2:30. இங்க அரை மணி தள்ளிப்போன ஆட்டம் அங்க அரை மணி முன்னாடி வருது. லிஸ்ட் முழுக்க ஒரே நாலரையைக் கூட்டினா தாத்தா ஏப்ரல் முழுக்க ஒரு மணி நேரம் லேட்டா வீடியோ கால் போடுவார், அப்ப ரெண்டாவது பாதிதான் ஓடிட்டிருக்கும், D வயசுல பாதிக்கு 30 நிமிஷம்தானே.

வாய்ல நேரம் சொல்றதையும் இங்கயே சொல்லிடறேன். ட்ரெய்னர் "ஹால்ப் எல்ஃப்"னு சொன்னா பதினொண்ணரை இல்லீங்க, பத்தரை. பதினொண்ணை நோக்கிப் போற மணியில பாதிங்கிறது அவங்க கணக்கு. போட்டோவுல 10:30ன்னு இருந்து வாட்ஸப் வாய்ஸ் நோட்ல ஹால்ப் எல்ஃப்னு வந்தா ரெண்டும் ஒண்ணுதான், லிஸ்ட்டைத் திருத்த வேண்டாம்.

ரெண்டாவது வரியில இருக்கிற verl. தான் இந்த வேலையிலயே எனக்கு ரொம்ப பயமான சுருக்கம். ஜெர்மன்ல ஃபெர்லேக்ட்ன்னா தள்ளி வச்சது, ஃபெர்லோரன்னா தோத்தது, ஃபெர்லேங்கருங்ன்னா கூடுதல் நேரம், மூணுமே அதே நாலு எழுத்துலதான் தொடங்குது. பின்னாடி auf ன்னு வந்து ஒரு தேதியும் இருந்தா தள்ளி வச்சதுதான், அதுல சந்தேகம் இல்ல, மேல இருக்கிறது அப்படித்தான், ஏப்ரல் 10 வியாழன் மாலை 6 மணிக்கு மாத்தியாச்சு, இந்திய நேரம் இரவு 9:30. பக்கத்துல கோல் கணக்கு இருந்து யாராவது பேனாவுல verl. ன்னு கிறுக்கியிருந்தா தோத்ததா இருக்கலாம், லீக் ஆட்டத்துக்குக் கூடுதல் நேரம் கிடையாதுங்கிறதால மூணாவது அர்த்தம் கோப்பை ஆட்டத்துல மட்டும்தான் வரும். தேதியும் இல்ல, ஸ்கோரும் இல்ல, வெறும் verl. மட்டும் இருந்தா போட்டோவை வச்சு முடிவு பண்ணாதீங்க, தமிழ்ல "தெரியவில்லை"ன்னு எழுதி வச்சிட்டு ட்ரெய்னரைக் கேளுங்க. அப்புறம், தள்ளி வச்சா பழைய Tr. நேரமும் செல்லாது, புது நேரம் எழுத மறந்துடுவாங்க, அதையும் சேர்த்துக் கேட்டுடுங்க.

மூணாவது வரி spielfrei, ஆப் இதை இலவச ஆட்டம்னுகூட சொல்லும். அன்னிக்கு உங்க டீமுக்கு எதிராளி இல்ல, ஓய்வுன்னு அர்த்தம். லீக்ல டீம் எண்ணிக்கை ஒத்தைப்படையா இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டீம் சும்மா இருக்கும்.

அடுத்து பாயிண்ட்ஸ் டேபிள். நம்ம ஆளுங்க கிரிக்கெட் கண்ணோட பாக்குறதால இங்க ஒரு தனிச் சிக்கல், N ன்னு பாத்த உடனே "முடிவில்லை"ன்னு கை தானா எழுதிடும். இங்க N ன்னா நீடர்லாக, அதாவது தோல்வி. S சீக், வெற்றி. U உன்என்ட்ஷீடன், டிரா. Sp. ஷ்பீல, ஆடின ஆட்டம். Tore ன்னா கோல், அடிச்சது முன்னாடி, வாங்கினது பின்னாடி. Pkt. புள்ளி. யாருக்கும் தெரிஞ்ச ஒரு வரியா, 2023-24 புண்டஸ்லீகாவுல ஒரு ஆட்டம்கூடத் தோக்காம ஜெயிச்ச லெவர்குசனோட கடைசி வரியைப் பாருங்க.

```
       Sp.  S   U  N  Tore   Diff.  Pkt.
B04    34   28  6  0  89:24  +65    90
```

டேபிளோட பெரிய நல்ல விஷயம், அது தன்னைத்தானே சரிபார்த்துக்கும். 28ம் 6ம் 0ம் கூட்டினா 34 வரணும், வருது. 28ஐ மூணால பெருக்கி 6ஐக் கூட்டினா 90, வருது. 89ல 24 போனா 65, அதுவும் வருது. போட்டோவுல ஒரு எண் கண்ணாடி வெளிச்சத்துல அழிஞ்சிருந்தாலும் மத்த எண்ணை வச்சு அதைக் கண்டுபிடிச்சிடலாம், யூகம் இல்ல, கணக்கு. உங்க டேபிள்ல ஒரு வரி கணக்குல உதைச்சா, முதல்ல போட்டோவைத் தப்பாப் படிச்சிருக்கோமான்னு பாருங்க. படிச்சது சரியா இருந்தும் புள்ளி மட்டும் குறைஞ்சிருந்தா சங்கம் புள்ளியை வெட்டியிருக்கலாம், அப்ப டேபிளுக்குக் கீழ ஒரு குறிப்பு இருக்கும், அந்த இடத்தையும் போட்டோ எடுத்தீங்களான்னு பாருங்க.

கையெழுத்து லிஸ்ட்டா இருந்தா 1ஐயும் 7ஐயும் தனியா கவனிக்கணும். இங்க 1ன்னு எழுதும்போது இடது பக்கம் கீழேர்ந்து ஒரு நீளமான கோடு ஏத்திட்டு அப்புறம்தான் நேர்கோடு இறக்குவாங்க, நம்ம கண்ணுக்கு அது அப்படியே 7. அவங்க 7க்கு நடுவுல குறுக்கா ஒரு சின்னக் கோடு போடுவாங்க. குறுக்குக்கோடு இல்லேன்னா 1ன்னு படிங்க. மேல இருக்கிற ரெண்டாவது வரியை நான் முதல்ல 17:00ன்னுதான் படிச்சேன், பக்கத்துல வந்து சேர வேண்டிய நேரம் 10:00ன்னு இருந்ததாலதான் அது 11:00ன்னு தெளிவாச்சு, யாரும் ஏழு மணி நேரம் முன்னாடி பசங்களை வரச்சொல்ல மாட்டாங்க. தேதியை கிழமையோட ஒட்டிப் பாருங்க, 2025ல ஏப்ரல் 6 ஞாயிறுதான், காலண்டர்ல ஒத்துவந்தா படிச்சது சரி. ஸ்கோர்ல 1:2 வா 7:2 வான்னு சந்தேகம் வந்தா டேபிள்ல இருக்கிற மொத்த கோல் கணக்கு சொல்லிடும்.

ஸ்கோருக்கும் நேரத்துக்கும் இங்க ஒரே புள்ளிக்குறிதான். 2:1 ஸ்கோர், 15:30 நேரம். எக்செல்ல அடிச்சா 2:1ஐ ரெண்டு மணி ஒரு நிமிஷம்னு மாத்திடும், அதனால அந்தக் கட்டத்தை முதல்லயே டெக்ஸ்ட்னு வச்சிட்டு அடிங்க, இல்லேன்னா தமிழ்ல 2-1ன்னு கோடு போட்டு எழுதுங்க, நம்ம பேப்பர்லயும் அப்படித்தானே வரும். இன்னொரு எண் பொறி, கிளப் பேர்லயே எண் இருக்கும். Schalke 04 ன்னா 1904ல தொடங்கினது, Hannover 96 ன்னா 1896. ரெண்டும் மோதுற வரியை ஆப் படிச்சா அந்த 04ம் 96ம் ஸ்கோரோட ஒட்டிக்கும். 1. FC Köln ல இருக்கிற 1ம் அந்த ஊரோட "முதல்" கிளப்ங்கிற பேரு, முதல் டீம்ங்கிற அர்த்தம் இல்ல.

பெரிய டீமோட மூணெழுத்துச் சுருக்கத்துல ஜெர்மன் லிஸ்ட்டா இருந்தா FCB பயர்ன் மூனிக், ஐரோப்பியக் கோப்பை லிஸ்ட்டா இருந்தா அதே FCB பார்சலோனாவாகவும் இருக்கலாம், சுவிஸ் பாஸலாகவும் இருக்கலாம், எதிர்ல யார், எந்த லீக்னு பாத்துத்தான் எழுதணும். கிளப் பேரை ஆப் மொழிபெயர்க்க விடாதீங்க, ஐன்ட்ராக்ட் ஃப்ராங்க்ஃபுர்ட் "ஒற்றுமை ஃப்ராங்க்ஃபுர்ட்"னு வந்துடும். போருஸ்ஸியான்னு ரெண்டு பெரிய டீம், டோர்ட்முன்டும் மொன்ஷன்கிளாட்பாஹும், அதனால ஊரைத்தான் பேரா வைங்க. உங்க லோக்கல் போர்டுல ட்ரெய்னர் தானா போட்ட சுருக்கம் இருக்கும், அதுக்கு எந்தப் பட்டியலும் உதவாது, ஆனா fussball.de ல உங்க கிளப் பேரைப் போட்டு D2ஐத் திறந்தீங்கன்னா எதிராளி முழுப்பேர் இருக்கும், தேதியை வச்சுப் பொருத்திடலாம். தள்ளி வச்ச ஆட்டமும் போர்டை விட அங்கதான் சீக்கிரம் மாறும்.

கடைசியா ரிசல்ட் குறி. கோப்பை ஆட்டம் வந்தா இப்படி இருக்கும், இது 2022 ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம், ஃப்ரைபுர்க்கும் லைப்ஸிக்கும்.

```
SCF - RBL   1:1 n.V. (1:1, 1:0)   2:4 i.E.
```

கடைசியில இருக்கிற i.E. கணக்கைத் தனியா வச்சிட்டு, மத்ததைப் பின்னாடிலேர்ந்து படிச்சாத்தான் ஆட்டம் நடந்த வரிசையில வரும். அடைப்புக்குறிக்குள்ள ரெண்டாவதா இருக்கிற 1:0 இடைவேளை, ஃப்ரைபுர்க் முன்னிலை. அதுக்கு முன்னாடி இருக்கிற 1:1 தொண்ணூறு நிமிஷ முடிவு. வெளிய இருக்கிற 1:1 n.V. கூடுதல் நேரத்துக்கு அப்புறம். i.E. பெனால்டி ஷூட்அவுட், லைப்ஸிக் 4-2ன்னு ஜெயிச்சுது. தமிழ்ல "கூடுதல் நேர முடிவில் 1-1, பெனால்டியில் லைப்ஸிக் 4-2"ன்னு எழுதிட்டா போதும், இடைவேளைக் கணக்கு வேணும்னா தனியா போடுங்க. சாதாரண ஆட்டத்துல 2:1 (1:0)ன்னு இருந்தாலும் அடைப்புக்குள்ள இருக்கிறது இடைவேளைதான், அது பெனால்டி இல்ல. ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, சில ஜெர்மன் லிஸ்ட்ல பெனால்டி கோலை ஆட்டத்து கோலோட கூட்டி இதையே 3:5 ன்னு போடுவாங்க, அதனால பெனால்டி குறி இருக்கிற வரியில எந்த முறைன்னு பாக்காம "பெனால்டியில் 5-3"ன்னு எழுதிடாதீங்க.

Wertung ன்னு ஒரு வார்த்தை ஸ்கோர் பக்கத்துல இருந்தா, மைதானத்துல நடந்த ஸ்கோர் அது இல்ல, சங்கமோ விளையாட்டு நடுவர் மன்றமோ தீர்ப்பா கொடுத்தது. 2024 டிசம்பர்ல உனியோன் பெர்லின்-போஹும் ஆட்டம் 1-1ல முடிஞ்சுது, ஆனா கூட்டத்துலேர்ந்து எறிஞ்ச லைட்டர் போஹும் கோல்கீப்பர் மேல பட்டதால அப்புறம் போஹும் 2-0ன்னு ஜெயிச்சதா தீர்ப்பாச்சு, டேபிள்ல அந்தக் கணக்குதான் ஏறுச்சு. பசங்க லீக்ல பெரும்பாலும் எதிர் டீம் வராமப் போனா இது வரும், அப்ப Nichtantritt ன்னும் எழுதியிருக்கும். அந்த வரிக்குத் தமிழ்ல "எதிரணி வரவில்லை, வெற்றி நமக்கு"ன்னு எழுதுங்க, வெறும் ஸ்கோரைப் போட்டா தாத்தா பேரன்கிட்ட யார் கோல் அடிச்சதுன்னு கேப்பார்.

போட்டோ எடுக்கும்போது கண்ணாடிப் பெட்டிக்கு நேர் எதிர்ல நிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு, ஃப்ளாஷ் இல்லாம, லிஸ்ட்டை ரெண்டு மூணு துண்டா எடுங்க, அடிக்குறிப்பு இருக்கிற கீழ் ஓரத்தையும் விடாம. தமிழ் லிஸ்ட்டோட அந்த போட்டோவையும் சேர்த்தே ஊருக்கு அனுப்பிடுங்க, நாளைக்கு ஒரு நேரம் இடிச்சா அங்கேர்ந்தே வரியைக் காட்டிக் கேக்கலாம்.